பள்ளியிலிருந்து வரும் கண் குறிப்பு: இலங்கையிலிருந்து நீலகிரிக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் படிக்கிறார்கள். அந்த உறவைப் பிடித்துக்கொண்டு இப்போதும் சில குடும்பங்கள் புதிதாக வருகின்றன. அவர்களின் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துச் சில வாரங்களுக்குள், புத்தகப் பைக்குள் மடித்து வைத்த ஒரு தாள் வீட்டுக்கு வரக்கூடும். அதில் ஏறக்குறைய இப்படி எழுதியிருக்கும்:

“அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். எல்லா மாணவர்களுக்கும் நடத்தும் வழக்கமான பார்வைச் சோதனையில், உங்கள் மகள் வலது கண்ணால் 6/9 அட்டையைச் சரியாகப் பார்த்தாள். இடது கண்ணால் பார்க்கச் சிரமப்பட்டாள். இரண்டாம் முறை பார்த்தபோதும் அப்படியே இருந்தது. இது நோய் என்று சொல்வதற்காக எழுதவில்லை. இரண்டு மூன்று வாரங்களுக்குள், உங்கள் வசதிப்படி, ஒரு கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அங்கே தரும் சீட்டை எனக்கு அனுப்புங்கள்.”

இந்தக் குறிப்பை எழுதுகிற ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. இதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காரணம் உண்டு. அது தெரிந்தால் பயமும் வராது, தாள் அலமாரியில் தங்கிவிடவும் செய்யாது.

முதலில் 6/9. சென்ற ஆண்டு ஒரு தாய் கண் கலங்கியபடி வந்து, “ஒன்பதுக்கு ஆறுதான் எடுத்திருக்கிறாளா, ரீச்சர்?” என்று கேட்டார். அது மதிப்பெண்ணும் அல்ல, கண்ணாடியின் பவரும் அல்ல. நல்ல பார்வை உள்ளவர் 9 மீட்டரில் நின்று அடையாளம் காணும் அளவில் அச்சிட்ட குறியை 6 மீட்டரில் நின்று காட்டுகிறோம் என்பதே அதன் பொருள். அட்டையில் ஆங்கில ஈ எழுத்து மட்டும் இருக்கும். அதை மேல், கீழ், இடம், வலம் என்று திருப்பித் திருப்பிக் காட்டும்போது, அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று பிள்ளை கையால் காட்டினால் போதும். எழுத்துத் தெரியாத பிள்ளையும், பாடமொழி மாறி வந்த பிள்ளையும் இதைச் செய்ய முடியும். இங்கே தவறு நேர்ந்தால் அது படிப்பின் குறை ஆகாது.

இந்தச் சோதனைக்கு வரம்பும் உண்டு. வகுப்பறையில் 6 மீட்டர் நீளம் கிடைக்காததால் வராந்தாவில் நாடா பிடித்து அளந்து கோடு போடுகிறோம். பனிமூட்டம் இறங்கிய நாளில் அங்கே வெளிச்சம் போதாது. கூச்சப்படும் பிள்ளை தெரிந்தும் கை நீட்டாது. ஆகவே ஒரு முறை தவறியவர்களை வெயில் தெளிந்த இன்னொரு நாளில் மறுபடி பார்த்த பிறகே எழுதுகிறோம். மறுபக்கம், தேறிய பிள்ளைக்குக் குறையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தூரப்பார்வை உள்ள சிறு பிள்ளைகள் கண்ணை இறுக்கிக் குவித்து, தூரத்து அட்டையைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

குறிப்பில் முக்கியமான சொல் “இடது கண்ணால்” என்பதுதான். “அவளுக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறதே, நூல் கோக்கிறாளே” என்று பெற்றோர் சொல்வது உண்மையே. ஒரு கண் தெளிவாக இருந்தால் மூளை அதையே நம்பிக்கொண்டு, மங்கலாகத் தெரியும் மற்ற கண்ணின் காட்சியை ஒதுக்கிப் பழகிவிடும். இதைத்தான் சோம்பல் கண் என்கிறார்கள். மாறுகண் இல்லாமலும் இது வரும். பிள்ளைக்குப் பெரும்பாலும் வலியோ தலைவலியோ இருக்காது. சிறு வயதிலிருந்தே அப்படித் தெரிவதால் அதற்கே குறை தெரியாது. ஒரு கண்ணை முழுதாக மூடினால்தான் வெளிப்படும். விரலிடுக்கு வழியே எட்டிப் பார்ப்பதைத் தடுக்க நாங்கள் உள்ளங்கையைக் குழித்து மூடச் சொல்வதும் அதனால்தான். சுமார் ஏழு வயதுக்குள் கண்டுபிடித்தால் சிகிச்சை எளிதில் பலிக்கும். அதற்குப் பிறகும் பயன் உண்டு, ஆனால் குறையும். “இரண்டு மூன்று வாரங்களுக்குள்” என்று நாள் குறிப்பது இதற்காகவே. மறுநாளே கடன் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கு ஓட வேண்டியதில்லை. கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாகத் தெரிவது, திடீரென்று கண் ஒருபக்கம் திரும்புவது, வலியோடு சிவப்பது போன்றவை வேறு. அவற்றைக் கண்டால் நாங்கள் தாள் அனுப்புவதில்லை. அன்றே தொலைபேசியில் அழைப்போம்.

மேலே சொன்ன தாயின் மகள், இரண்டாம் வகுப்பு, ஏழு வயது. முதலில் அவர்கள் கடைத்தெருவிலிருந்த ஒரு கண்ணாடிக் கடைக்குப் போய், கம்ப்யூட்டர் டெஸ்ட் என்ற பெயரில் ஒரு பவரை எழுதி வாங்கினார்கள். சொட்டு மருந்து விடாமல் பார்க்கும்போது பிள்ளை தன்னையறியாமல் கண்ணைக் குவிப்பதால், அந்த எண் பெரும்பாலும் பிசகும். கண்ணாடிக்கு முன்பணம் கொடுக்கும் முன் என்னிடம் வந்தது நல்லதாயிற்று. பிறகு அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் சொட்டு மருந்து விட்டு, கருமணி விரிந்த பிறகு, கண்ணுக்குள் ஒளிக்கீற்றைப் பாய்ச்சி மருத்துவர் அளந்தார். இந்த முறையில் பிள்ளையின் பதிலையே நம்பியிருக்க வேண்டியதில்லை. வலது கண் 6/6, பவர் +1. இடது கண் 6/24, பவர் +4 என்று சீட்டு வந்தது.

சொட்டு மருந்து பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விட்டதும் கொஞ்சம் எரியும். ஓரிரு நாள் புத்தகத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். மருந்தைப் பொறுத்து இன்னும் சில நாள் நீளவும் செய்யலாம். மருந்தால் பார்வை கெட்டுவிட்டது என்று அஞ்சி மறுமுறை போகாமலிருந்த வீடுகளும் உண்டு. வெள்ளிக்கிழமை போய், திரும்பும்போது ஒரு தொப்பி போட்டு அழைத்து வந்தால் சனி, ஞாயிறில் சரியாகிவிடும். திங்களன்றும் மங்கலாக இருந்தால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அன்று எழுத்து வேலை தரமாட்டோம்.

அவளுக்கு முதலில் கண்ணாடி மட்டும்தான் தந்தார்கள். தூங்கும் நேரம் தவிர நாள் முழுதும் போட வேண்டும். மூன்று மாதத்தில் இடது கண் 6/12க்கு வந்தது. அதன்பின் தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை, அதாவது வலது கண்ணை, ஒட்டுப்பட்டையால் மூடச் சொன்னார்கள். மோசமான கண்ணைத்தானே மூட வேண்டும் என்று எண்ணி, தாத்தா முதல் வாரம் இடது கண்ணில் ஒட்டிவிட்டிருந்தார். மாலையில் வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தோடு பட்டையைச் சேர்த்துக்கொண்ட பிறகு பிடிவாதம் குறைந்தது. இன்னும் நான்கு மாதத்தில் இடது கண்ணும் 6/9 அட்டையைப் பார்த்துவிட்டது. மருத்துவர் பட்டையை நிறுத்தினாலும் கண்ணாடி தொடர்கிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி தரும் திட்டம் உண்டு. ஆகவே கடையில் வாங்கும் முன் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். மருத்துவமனைச் சீட்டின் நகலை என்னிடம் தந்துவிட்டு, மூலத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்; தோட்டம் மாறி வேறு பள்ளிக்குப் போனால் அடுத்த ஆசிரியருக்கு அதுதான் தேவைப்படும். மூடுபனியில் கண்ணாடி ஈரம் படிந்து மங்கும்போது பிள்ளைகள் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். ஒரு சிறு பருத்தித் துணியைச் சட்டைப் பையில் வைத்து அனுப்புங்கள்.