கேமராவைப் பார்த்து ஒரே ஷாட்டில் தனிமொழி: குளச்சல் வீடு ஒன்றில் படிப்படியாக

2017 ஒக்கி புயலில் கணவரை இழந்த ஒரு பெண், குளச்சலில் தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து நேராக லென்ஸைப் பார்த்துப் பேசுகிறார். வெட்டே இல்லாத ஒன்றரை நிமிட ஷாட். கற்பனைக் காட்சிதான்.

முதலில் வசனம்:

"அவருக்க நம்பருக்கு மாசாமாசம் காசு போடுதேன். எதுக்குட்டின்னு அக்கா கேப்பா.

அடிச்சா தொடர்பு எல்லைக்கு வெளியன்னு சொல்லும். வெளியன்னுதான சொல்லுது, இல்லேன்னு சொல்லல்லயே.

இடையில கொஞ்ச நாளு போட முடியல்ல. நேத்து அடிச்சேன்... ரிங் போச்சு.

ஒரு சின்னப் பய எடுத்தான்."

மனநிலை மாறும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். இங்கே நான்கு பீட்: சாதாரணம், வாதம், நம்பிக்கை, உடைவு. 'அழு' என்று எங்கும் எழுத வேண்டாம். பெரிய மௌனம் ஒன்றே ஒன்று, 'ரிங் போச்சு'க்குப் பிறகு. நடிகையிடம் ஆறு விநாடி எண்ணச் சொன்னால் கண்ணில் எண்ணிக்கைதான் தெரியும். மறுமுனையில் கேட்ட குரலை மனதுக்குள் மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கேமரா. ஆறு அடியில் தொடங்கி மூன்று அடியில் நிற்கட்டும். முகம் திரையில் இரண்டு மடங்காகும். முதல் சொல்லோடு நகர ஆரம்பித்தால் பார்வையாளர் நகர்வைத்தான் பார்ப்பார். இரண்டாவது பீட்டின் நடுவே, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள். ஒரு நிமிடத்தில் மூன்று அடி என்றால் விநாடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர். கடைசி வரிக்கு முன்பே நின்றுவிட வேண்டும். கிட்டே போகப்போக ஃபோகஸ் ஆழம் குறையும், அதனால் தரையில் டேப் ஒட்டி ஒவ்வொரு இடத்துக்கும் ஃபோகஸைக் குறித்துவையுங்கள். இயக்குநர் லென்ஸ் பக்கத்தில் நிற்கக் கூடாது. நடிகையின் கண் அங்கே ஓடிவிடும்.

வெளிச்சத்துக்கு நிஜ அந்தியை நம்பாதீர்கள், ரீடேக்குக்குக் காத்திருக்காது. இருட்டிய பிறகு ஜன்னலுக்கு வெளியே 5600 கெல்வின் எல்இடி வைத்து, வெள்ளைத் துணியால் மென்மையாக்குங்கள். உள்ளே ஒரு மஞ்சள் பல்பு முழு நேரமும் எரியட்டும். மூன்றாவது பீட் தொடங்கும்போது ஒருவர் ஜன்னல் எல்இடியின் டிம்மரைத் திருப்ப ஆரம்பித்து, 25 விநாடியில் நூறிலிருந்து இருபது சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பல்பு கூடவில்லை, ஜன்னல்தான் மங்கியது. ஆனாலும் வெள்ளையாக இருந்த கன்னம் மஞ்சளாகிவிடும்.

இங்கேதான் பலருக்கும் சொதப்பும். ஆட்டோ எக்ஸ்போஷர் ஓடினால், நீங்கள் குறைத்த ஒளியைக் கேமரா தானே கூட்டிக்கொள்ளும். அதைப் பூட்டுங்கள், ஒயிட் பேலன்ஸை 4300இல் நிறுத்துங்கள். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வைத்தால் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல்பு மினுக்கும் தொல்லை பெரும்பாலும் இராது. சில எல்இடிகள் மங்கலில் மினுக்கும், முன்கூட்டியே ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.

ஃபேனை அணைத்துவிடுங்கள். மௌனத்தில் அலைச் சத்தம் மட்டும்தான் இருக்கும், அதை ஒரு நிமிடம் தனியாகவும் பதிவு செய்யுங்கள்.

சரி பார்க்க ஒரு வழி: எடுத்ததைச் சத்தமில்லாமல், நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். நகர்வில் குலுக்கலோ, வெளிச்சத்தில் படிக்கட்டு போன்ற தாவலோ இருந்தால் அப்போது பளிச்சென்று தெரியும்.