இன்வெர்ட்டரைப் பற்றி எழுதுபவர்களுக்கு

சிறப்பம்சப் பட்டியலை விட்டுவிட்டு, கடைக்கு வருபவர் கேட்கும் கேள்வியையே தலைப்பாக வையுங்கள்: ‘கரன்ட் போனா டிவி எத்தனை மணி நேரம் ஓடும்?’ டர்பனில் இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று லோட்ஷெடிங்கைக் கண்டவருக்கு பேட்டரியின் ஆம்பியர்-மணி எண் மட்டும் எதுவும் சொல்லாது. அதனால் பதிலைக் கணக்காகவே காட்டுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுப்பது நல்லது. 12-ஐ 100-ஆல் பெருக்கினால் 1200 வாட்-மணி, அதில் பாதி 600 வாட்-மணி. டிவி, வைஃபை, மூன்று பல்பு சேர்ந்து 100 வாட் என்றால், இன்வெர்ட்டர் தின்பது போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம். படிப்பவர் தன் வீட்டுக்கும் போட்டுப் பார்ப்பார். எது வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும். மாடல்களை ஒப்பிட வரும் எலக்ட்ரீஷியனிடம் மட்டும் இது எடுபடாது. அவருக்கு அந்தப் பட்டியல்தான் வேண்டும்.