இரத்தத்தில் மருந்தின் செறிவு: வீதத்தைத் தொகையிட்டுச் சமன்பாட்டைப் பெறுதல்

500 மி.கி. மருந்து ஒரே ஊசியாகச் சிரையில் செலுத்தப்படுகிறது. 2 மணி நேரம் கழித்து எடுத்த இரத்த மாதிரியில் லிட்டருக்கு 12 மி.கி. மருந்து இருக்கிறது, 8 மணி நேரம் கழித்து எடுத்த மாதிரியில் 4 மி.கி. இருக்கிறது. ஊசி போட்ட கணத்தில் செறிவு எவ்வளவு இருந்திருக்கும், அது எப்போது 1 மி.கி.க்குக் கீழே இறங்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கணக்கிற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை; எந்த மருந்தின் அளவையும் இவற்றை வைத்து முடிவு செய்துவிட வேண்டாம்.

முதலில் கை போவது நேர்க்கோட்டுக் கணக்கிற்குத்தான். 6 மணி நேரத்தில் 8 மி.கி. குறைந்திருப்பதால், அதே வேகத்தில் போனால் 11ஆம் மணியில் மருந்து முற்றிலும் தீர்ந்துவிடும் என்று அந்தக் கணக்கு சொல்லும். உண்மையில் அப்போதும் லிட்டருக்கு 2.3 மி.கி. மீதமிருக்கும். சிறுநீரகமும் கல்லீரலும் தம்மிடம் வந்து சேரும் இரத்தத்திலிருந்துதான் மருந்தை நீக்குகின்றன. அந்த இரத்தத்தில் மருந்து குறையக் குறைய, ஒரு மணி நேரத்தில் நீங்கும் அளவும் அதே விகிதத்தில் குறைகிறது. பெரும்பாலான மருந்துகள் வழக்கமான அளவில் கொடுக்கப்படும்போது இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

படி 1: வீதத்தை எழுதுதல்

```
dC/dt = -kC
```

இதில் C என்பது செறிவு, t என்பது மணிக்கணக்கில் நேரம், k என்பது நீக்க மாறிலி. k-ஐ நேர்மறை எண்ணாக வைத்துக்கொண்டு, குறைவதைக் காட்டும் கழித்தல் குறியைத் தனியே எழுதுவதே என் வழக்கம். குறியை k-க்குள் ஒளித்து வைத்தால் மூன்றாவது வரியில் அது எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

படி 2: தொகையிடுதல்

C உள்ளவற்றை ஒரு பக்கமும் t உள்ளவற்றை மறுபக்கமும் பிரித்து, இருபுறமும் தொகையிட வேண்டும்.

```
dC/C = -k dt
ln C = -kt + c
```

நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது தடுக்கி விழுந்தது இதற்கடுத்த வரியில்தான். மடக்கையை நீக்கும்போது c-யை அப்படியே வெளியே இழுத்து, C = e^(-kt) + c என்று எழுதிவிட்டேன். தொகையீட்டு மாறிலியைக் கடைசியில் கூட்ட வேண்டும் என்று பல்லுறுப்புக் கோவைகளில் பழகிய கை, இங்கும் அதையே செய்தது. விடை பார்வைக்குச் சரியாகவே இருந்ததால் தவறு வெகுநேரம் கண்ணில் படவில்லை. வரைபடம் போட்டபோதுதான் விளங்கியது: தொடக்கச் செறிவு 17 என்றால் c-யின் மதிப்பு 16 ஆகிறது; எத்தனை நாள் கடந்தாலும் செறிவு 16-க்குக் கீழே இறங்குவதே இல்லை. முழுக்க வெளியேறிவிட வேண்டிய மருந்து உடலில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

மாறிலி அடுக்கின் உள்ளே இருக்கிறது என்பதே இதற்குத் தீர்வு. அடுக்கில் கூட்டல் இருந்தால், வெளியே அது பெருக்கலாகிவிடும்.

```
C = e^(-kt + c) = e^c × e^(-kt)
```

t = 0 என்று இட்டால் C-யின் மதிப்பு e^c ஆகிறது; அதாவது e^c என்பது தொடக்கச் செறிவுதான். அதை C0 என்று எழுதினால் C = C0 e^(-kt) கிடைக்கிறது. முன்னால் நிற்கும் கழித்தல் குறியைக் கூட்டலாக்கினால் இதே சமன்பாடு வளர்ச்சிக்கும் பொருந்தும். உதாரணமாக, 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியாக்களுக்கு, உணவும் இடமும் தாராளமாக இருக்கும் வரை, k என்பது நிமிடத்திற்கு 0.6931/20, அதாவது 0.0347.

மாறிலியோடு மல்லுக்கட்டவே விருப்பமில்லாதவர்கள், நான் இப்போது செய்வதைப் போல, எல்லைகளை வைத்தே தொகையிட்டுவிடலாம். நேரத்திற்கு t1 முதல் t2 வரை, செறிவிற்கு C1 முதல் C2 வரை என்று எல்லைகளை இட்டால் மாறிலி தலைகாட்டுவதே இல்லை.

```
ln(C1/C2) = k(t2 - t1)
```

படி 3: எண்களை இடுதல்

ln(12/4), அதாவது ln 3, 1.0986. இதை 6 மணி நேரத்தால் வகுத்தால், k மணிக்கு 0.1831 என்று வருகிறது. செறிவு பாதியாகக் குறைய ஆகும் நேரமான அரை ஆயுட்காலம் 0.6931/0.1831, அதாவது சுமார் 3.8 மணி நேரம். 2ஆம் மணியிலிருந்து பின்னோக்கிச் சென்றால், C0 என்பது 12 × e^(0.1831 × 2), விடை லிட்டருக்கு 17.3 மி.கி. செறிவு 12-லிருந்து 1-க்கு இறங்க ln 12/0.1831, அதாவது 13.6 மணி நேரம் ஆகும். எனவே ஊசி போட்டதிலிருந்து 15.6 மணி நேரத்தில் அது 1 மி.கி.யைத் தொடும். இன்னொன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. 500 மி.கி.யை 17.3 ஆல் வகுத்தால் வரும் 28.9 லிட்டரை மருந்தின் பரவல் கனஅளவு என்பார்கள். இது இரத்தத்தின் கொள்ளளவு அன்று. மருந்து முழுவதும் இரத்தத்தில் உள்ள அதே செறிவில் பரவியிருந்தால் எவ்வளவு திரவம் தேவைப்பட்டிருக்கும் என்பதைச் சொல்லும் கற்பனையான அளவு.

இந்தக் கணக்கிற்குக் கால்குலேட்டரை விட விரிதாளே எனக்குப் பிடித்தமானது. எந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகும் பார்க்கலாம். A1, A2 கட்டங்களில் இவற்றை இட்டால் k-யும் அரை ஆயுட்காலமும் வந்துவிடும்:

```
=LN(12/4)/(8-2)
=LN(2)/A1
```

LN என்று தட்டச்சு செய்ய வேண்டிய இடத்தில் LOG என்று இட்டுவிடுவது எளிதில் நேரும் தவறு. விரிதாளில் LOG என்பது 10-ஐ அடிமானமாகக் கொண்டது, பைதானில் math.log என்பதோ இயல் மடக்கை. இரண்டுக்கும் இடையே மாறி மாறி வேலை செய்பவர்கள் நிச்சயம் ஒருநாள் குழம்புவார்கள். முதல் வரியில் மட்டும் LOG என்று இட்டால் k 0.0795 ஆகி, அரை ஆயுட்காலம் 8.7 மணி நேரம் என்று வரும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். 6 மணி நேரத்தில் செறிவு மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. அப்படியிருக்க, பாதியாவதற்கு 6 மணி நேரத்தை விட அதிகமாக ஆகவே முடியாது.

k சதவீதம் அன்று

k 0.1831 என்றால் ஒவ்வொரு மணிக்கும் 18.31 சதவீதம் குறைகிறதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. k என்பது அந்தந்தக் கணத்தின் வீதம். மணி நேரம் முழுவதும் செறிவு குறைந்துகொண்டே வருவதால், அந்த வீதம் செயல்படும் அளவும் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு மணி நேர முடிவில் மீதமிருப்பது e^(-0.1831), அதாவது 83.3 சதவீதம், குறைந்தது 16.7 சதவீதம் மட்டுமே. 18.31 சதவீதம் என்று வைத்து 6 மணி நேரத்திற்குப் பெருக்கிப் பார்த்தால், 12 மி.கி. 3.57-க்கு இறங்கிவிடும், ஆனால் நாம் அளந்ததோ 4. இதையே திருப்பிப் போட்டால், மணிக்கு 20 சதவீதம் குறைகிறது என்று கணக்கில் கொடுத்திருந்தால் k-யின் மதிப்பு 0.2 அன்று, -ln 0.8, அதாவது 0.2231.

படி 4: மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும்போது

ஒரே ஊசிக்குப் பதிலாக மணிக்கு R மி.கி. வீதம் தொடர்ந்து செலுத்தினால், வீதத்தில் ஒரு கூட்டல் உறுப்பு சேர்கிறது. V என்பது மேலே கண்ட பரவல் கனஅளவு.

```
dC/dt = R/V - kC
dC/(R/V - kC) = dt
-(1/k) ln(R/V - kC) = t + c
C = (R/(kV)) (1 - e^(-kt))
```

t = 0 எனும்போது C = 0 என்று இட்டு c-யைக் கண்டால் கடைசி வரி கிடைக்கிறது. மூன்றாவது வரியின் தொடக்கத்தில் நிற்கும் -(1/k)-ஐக் கவனிக்க வேண்டும். பகுதியில் C-யின் குணகம் -k என்பதால் அது வருகிறது. அதிலுள்ள 1/k-ஐ மறந்தால் கடைசியில் e^(-kt)-க்குப் பதிலாக e^(-t) வரும். அடுக்கில் அலகு எதுவும் எஞ்சக் கூடாது. t மட்டும் அங்கே நின்றால் மணி என்னும் அலகு எஞ்சுகிறது என்பதிலிருந்தே தவறு தெரிந்துவிடும்.

மணிக்கு 50 மி.கி. செலுத்தினால், இறுதியில் செறிவு 50/(0.1831 × 28.9), அதாவது லிட்டருக்கு 9.45 மி.கி. என்ற நிலையான மதிப்பை நெருங்கும். அங்கே உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிடுகின்றன. அதில் பாதியை எட்ட 3.8 மணி நேரமும், 90 சதவீதத்தை எட்ட ln 10/k, அதாவது 12.6 மணி நேரமும் ஆகும். வீதத்தை மணிக்கு 100 மி.கி. ஆக்கினால் நிலையான செறிவு இரட்டிக்குமே தவிர, அதை எட்டும் நேரம் சற்றும் குறையாது; அடுக்கில் R இல்லை. செறிவு உடனே உயர வேண்டிய நிலையில், தொடக்கத்தில் ஒரு பெரிய அளவை ஊசியாகக் கொடுத்துவிட்டுப் பிறகு சொட்டாக ஏற்றுவது இதனால்தான்.

பின்சேர்க்கை: இரண்டு புள்ளிகள் போதாது

தம் பயிற்சிக் கணக்கில் விடை ஒத்துவரவில்லை என்று இன்னொரு வாசகர் எழுதியிருந்தார். நம் எண்களோடு, ஊசி போட்ட 15ஆம் நிமிடத்தில் லிட்டருக்கு 26 மி.கி. என்ற மூன்றாவது அளவும் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் முதல் அளவையும் கடைசி அளவையும் எடுத்து, k மணிக்கு 0.24 என்றும் அரை ஆயுட்காலம் 2.9 மணி நேரம் என்றும் கண்டிருந்தார்.

பிழை அவருடைய கணக்கில் இல்லை. எந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் ஒரு நேர்க்கோடு போகும். ஆகவே இரண்டே அளவுகளை வைத்துக்கொண்டு, சமன்பாடு பொருந்துகிறதா என்று சோதிக்கவே முடியாது. மூன்று புள்ளிகளுக்கும் ln C-ஐ t-க்கு எதிராக வரைந்து சரிவுகளைப் பார்க்க வேண்டும். 15 நிமிடத்திற்கும் 2 மணிக்கும் இடையே சரிவு 0.44, 2 மணிக்கும் 8 மணிக்கும் இடையே 0.18. கோடு வளைந்திருக்கிறது. தொடக்கத்தில் மருந்து உடலை விட்டு நீங்குவதோடு, இரத்தத்திலிருந்து திசுக்களுக்குள்ளும் பரவிக்கொண்டிருப்பதால் செறிவு வேகமாகச் சரிகிறது. அந்தப் பரவல் அடங்கிய பிறகு எடுத்த மாதிரிகளையே இந்த எளிய சமன்பாட்டில் இட வேண்டும். தொடக்கத்தையும் சேர்த்து விவரிக்க வேண்டுமானால் இரண்டு அடுக்குக்குறி உறுப்புகள் தேவைப்படும். நாம் பின்னோக்கிச் சென்று கண்ட 17.3 மி.கி.யும் பரவல் கணநேரத்தில் முடிந்துவிட்டது என்று வைத்துப் பெற்ற மதிப்பே. மருந்துக்கு இதைப் போன்ற தொடக்கச் சரிவு இருந்தால், உண்மையான தொடக்கச் செறிவு அதைவிட அதிகமாகவே இருந்திருக்கும்.

கோடு எதிர்ப்புறமாகவும் வளையலாம். தொடக்கத்தில் சரிவு மெதுவாக இருந்து, செறிவு குறைந்த பிறகு செங்குத்தானால், மருந்தைச் சிதைக்கும் நொதிகள் தம் முழுத் திறனில் இயங்கி நிரம்பிவிட்டன என்று பொருள். வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் ஃபெனிட்டாயின் மருந்தும் ஆல்கஹாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. நொதிகள் முழுவதும் நிரம்பியிருக்கும்போது ஒரு மணி நேரத்தில் நீங்கும் அளவு ஏறக்குறைய மாறாதது; ஆகவே dC/dt = -kC என்ற முதல் வரியே அங்கே பொருந்தாது. ஆல்கஹாலைப் பொறுத்தவரை, நாம் தொடக்கத்தில் ஒதுக்கிய நேர்க்கோட்டுக் கணக்குதான் உண்மைக்கு நெருக்கமானது.