ஹம் கழிய வேண்டுமா? டிரான்சிஸ்டரை ஜோடி பார்த்துப் போடுங்கள்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வரை மைக் செட் கட்டுகிறவர்கள், ஜெனரேட்டர் ஒயரோடு மைக் ஒயரைச் சேர்த்து இழுக்க மாட்டார்கள். இழுத்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம், அதாவது கரண்டின் இரைச்சல், மைக் ஒயரில் ஏறிவிடும். ஆனால் பேலன்ஸ்டு மைக்கின் இரண்டு ஒயரிலும் அது ஒரே அளவாக ஏறுகிறது. குரலோ ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்குகிறது. ஆகவே வித்தியாசத்தை மட்டும் பெருக்கினால் ஹம் கழிந்துவிடும். அந்த வேலையைச் செய்வதுதான் டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர். வித்தியாசத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறது, இரண்டு ஒயரிலும் ஒரே அளவாக வருவதை எத்தனை மடங்கு விடுகிறது, இந்த இரண்டின் விகிதமே சி.எம்.ஆர்.ஆர்.

முதலில் சர்க்யூட். இரண்டு பிசி547, 8.2 கிலோஓம் ரெசிஸ்டர் மூன்று (ஒரு சதவீத வகை), 9 வோல்ட் பேட்டரி இரண்டு. பேட்டரிகளைத் தொடராக இணைத்து நடுப்புள்ளியைக் கிரவுண்டாக வையுங்கள். எமிட்டர் இரண்டையும் சேர்த்து ஒரு ரெசிஸ்டர் வழியாக மைனஸ் 9-க்கு, கலெக்டர்களைத் தனித்தனி ரெசிஸ்டர் வழியாக பிளஸ் 9-க்கு. பேஸ் இரண்டும் கிரவுண்டில். மொத்தக் கரண்ட் சுமார் 1 மில்லிஆம்பியர், ஆளுக்குப் பாதி.

இப்போது இரண்டு கலெக்டர்களுக்கு நடுவே மீட்டரை வையுங்கள். பூஜ்யம் வர வேண்டும். பெரும்பாலும் வராது. ஒரே கரண்டில் இரண்டின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் 5 மில்லிவோல்ட் வேறுபட்டாலே, சர்க்யூட்டில் கரண்ட் 0.56-ம் 0.46-மாகப் பிரியும், மீட்டரில் 0.8 வோல்ட் நிற்கும். அடுத்து பேஸ் இரண்டையும் கிரவுண்டிலிருந்து எடுத்து, சேர்த்தே 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸில் கொடுங்கள். செல்லின் மைனஸ் கிரவுண்டில். வித்தியாசம் மாறவே கூடாது. இந்த ஜோடியில் 0.14 வோல்ட் கூடும். கழிய வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு தப்பி வந்துவிட்டது. வித்தியாசத்துக்கான பெருக்கம் இங்கே சுமார் 160. ஆகவே சி.எம்.ஆர்.ஆர். சுமார் 1,700, கிட்டத்தட்ட 65 டெசிபல்.

சரி, ஜோடி எப்படிப் பார்ப்பது? மீட்டரின் எச்.எஃப்.இ. குழியில் செருகிப் பார்ப்பது இதற்குப் போதாது; அது காட்டுவது கரண்ட் பெருக்கத்தை, நாம் ஒப்பிட வேண்டியதோ பேஸ்-எமிட்டர் வோல்டேஜை. ஒவ்வொன்றிலும் பேஸையும் கலெக்டரையும் சேர்த்துக்கட்டி, எமிட்டரைக் கிரவுண்டில் வைத்து, 9 வோல்ட்டிலிருந்து 15 கிலோஓம் வழியாக ஓட்டுங்கள். ஒன்றை நிலையாக வைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றி, இரண்டு கலெக்டர்களுக்கும் நடுவே மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து அளவிடுங்கள். கையால் பிடித்த சூடு ஆறும்வரை பொறுங்கள். 1 மில்லிவோல்ட்டுக்குள் வருவதை எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சேர்ந்த ஜோடியைச் சர்க்யூட்டில் போட்டால், கலெக்டர் ரெசிஸ்டர்களும் சமமாக இருக்கும் பட்சத்தில், சி.எம்.ஆர்.ஆர். 8,000 வரை ஏறும்.

ஜோடி சேர்த்த பிறகு ஒரு டிரான்சிஸ்டரை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி கூடினால் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் 2 மில்லிவோல்ட் இறங்கும். அது 160 மடங்காகி 0.3 வோல்ட் நகர்ந்துவிடும். அதனால் தட்டையான முகங்களை ஒட்டவைத்து, சுற்றி ஒரு செப்புக் கம்பியைக் கட்டுங்கள். அதுவும் போதாத இடத்துக்கு ஒரே சிலிக்கானில் ஜோடியாகச் செய்த சிஏ3046 மாதிரி சிப்தான்.