நிச்சயதார்த்த விருந்தில் மூன்று டாரட் சீட்டுகள்: உரை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் நம்மவர் வீட்டு நிச்சயதார்த்தங்களில், தாம்பூலம் மாற்றி மோதிரம் அணிவித்து முடிந்ததும், மணமக்களின் நண்பர்கள் மைக்கைப் பிடித்து ஏதேனும் ஒரு சிறு நிகழ்ச்சி நடத்துவதுண்டு. குறி சொல்லப் பயன்படும் டாரட் படச்சீட்டுகளை வைத்திருக்கும் தோழி ஒருத்தி கூட்டத்தில் இருந்துவிட்டால், "மூன்று சீட்டு எடுத்து இரண்டு நல்ல வார்த்தை சொல்லேன்" என்ற வேண்டுகோள் அவளிடம்தான் வந்து சேரும். மூன்று நான்கு நிமிடங்களில் முடிய வேண்டிய இந்த வாசிப்பு கெடுவது பெரும்பாலும் மேடையில் அல்ல. முதல் நாள் இரவு உரையை எழுதும்போதே கெட்டுவிடுகிறது.

முதல் தவறு, மூன்று இடங்களுக்கும் பழக்க தோஷத்தில் "இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம்" என்று பெயர் வைப்பது. தனியாக ஒருவருக்கு வாசிக்கையில் இந்த அமைப்பு வசதியானதுதான். இரு குடும்பங்களும் முதன்முறையாக ஒன்றாக அமர்ந்திருக்கும் இடத்தில் அது பொருந்தாது. இறந்தகாலம் என்றதும் மாப்பிள்ளையின் அத்தை பழைய கதை ஏதோ வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொள்வார். எதிர்காலம் என்றதும் உங்கள் வாயிலிருந்து வருவது எதுவானாலும் அது குறியாகிவிடும். பெரியவர்கள் ஏற்கெனவே ஜாதகம் பார்த்துப் பொருத்தம் சொல்லி நாள் குறித்திருக்கும் வீட்டில், அதற்குப் போட்டியாக இன்னொரு குறி சொல்லப்படுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆகவே இடங்களைக் கேள்விகளாக வையுங்கள்: "இருவரும் கையில் என்ன கொண்டு வருகிறார்கள்?", "இருவருக்கும் நடுவே இருப்பது என்ன?", "இருவரும் எதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்?" இம்மூன்றுக்கும் விடை இன்றைய மனிதர்களிடமே இருப்பதால், நடக்கப்போவதைச் சொல்ல வேண்டிய நெருக்கடி உங்களுக்கு வராது.

இரண்டாவது தவறுதான் மிகப் பெரியது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நல்ல சீட்டுகளை மட்டும் மேலே அடுக்கி வைத்துக்கொண்டு, குலுக்குவது போல் காட்டி, "பாருங்கள், தானாகவே காதலர் சீட்டு வந்துவிட்டது" என்று சொல்வதே அது. இதைச் செய்பவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. 78 சீட்டுகளையும் குலுக்கி எடுக்கும்போது என்ன வந்து விழும் என்ற பயத்தில் செய்கிறார்கள், அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 1909-ல் லண்டனில் வெளிவந்த, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த சீட்டுக்கட்டைத்தான் நம்மில் பலர் வைத்திருக்கிறோம். அதில் பார்த்தவுடன் மனத்தைத் திடுக்கிட வைக்கும் படங்கள் எட்டையாவது நான் எண்ணுவேன்: இதயத்தில் வாள்கள் பாய்ந்திருக்கும் வாள் மூன்று, முகத்தைப் பொத்திக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருக்கும் வாள் ஒன்பது, முதுகில் வாள்கள் குத்தியபடி ஒருவர் கிடக்கும் வாள் பத்து, கோப்பை ஐந்து, நாணயம் ஐந்து, மரணம், கோபுரம், சாத்தான். மூன்று சீட்டுகள் எடுக்கும்போது இந்த எட்டில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 28. நான்கு விருந்துகளில் ஒன்றுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். மரணச் சீட்டு மாற்றத்தைக் குறிக்கிறது என்று டாரட் தெரிந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் வெள்ளைக் குதிரையில் வரும் எலும்புக்கூட்டைப் பார்த்த பாட்டிக்கு அந்த விளக்கம் காதில் ஏறாது.

ஆனாலும் ஏமாற்றுவது இதற்கு வழியன்று. சீட்டுகளைத் தேர்ந்தெடுத்ததை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் வழி. கட்டிலிருந்து 24 சீட்டுகளை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொண்டு, "விருந்துக்கு ஏற்ற சீட்டுகளாக நானே 24 பிரித்து வைத்திருக்கிறேன், இவற்றுள் எது வரும் என்பது எனக்கும் தெரியாது" என்று முதலிலேயே கூறிவிடுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். குலுக்கிய சீட்டுகளிலிருந்து மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒன்று எடுக்கட்டும். மூன்றாவதை இருவரும் சேர்ந்து எடுக்கட்டும். எல்லாமே சர்க்கரைச் சீட்டுகளாக இருந்தால் வாசிப்பு வெறும் வாழ்த்து அட்டையாகிவிடும் என்பதால், அந்த 24-ல் ஐந்தாறு சீட்டுகளாவது சற்றே யோசிக்க வைப்பவையாக இருக்க வேண்டும். ஒற்றை விளக்கோடு மலையுச்சியில் நிற்கும் துறவி, பத்துத் தடிகளைச் சுமந்து குனிந்து நடக்கும் கோல் பத்து, இரண்டு நாணயங்களைக் கைமாற்றி ஆட்டிக்கொண்டிருக்கும் நாணயம் இரண்டு, படகில் கரை மாறிச் செல்லும் வாள் ஆறு ஆகியவை இதற்குப் பொருத்தமானவை. எல்லாச் சீட்டுகளையும் நேராகத் திருப்பி வைத்துவிட்டுக் குலுக்குங்கள். சீட்டு தலைகீழாக வந்தால் சொல்லும் வேறு பொருள் இந்த இடத்துக்குத் தேவையில்லை.

உரையில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியவை தொடக்கமும், மூன்று கேள்விகளும், முடிவும்தான். அவற்றோடு 24 சீட்டுகளுக்கும் படத்தை விவரிக்கும் ஒரு வாக்கியம் வீதம் எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். சீட்டு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் உயரமும்தான் இருக்கும் என்பதால், மண்டபத்தின் மூன்றாவது வரிசைக்கே படம் தெரியாது. நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியமே அவர்களுக்குப் படம். அதன்பின் சீட்டைக் கேள்வியோடு சேர்க்கும் இரண்டு வாக்கியங்களை அந்த நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மணப்பெண் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் முறைப்பணி செய்கிறாள். மாப்பிள்ளைக்குக் கோலாலம்பூரில் வேலை. இருவரும் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். வந்த சீட்டுகள் நாணயம் எட்டு, கோப்பை ஆறு, துறவி. வாசிப்பு இப்படி அமையலாம்:

"பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்தச் சீட்டுகள் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுக்காக உருவானவை. குறி சொல்லும் வழக்கம் பின்னால் வந்தது. இன்று நானும் விளையாட்டாகத்தான் வாசிக்கிறேன். இவர்கள் இருவரும் என்ன கொண்டு வருகிறார்கள்? ஒரு கைவினைஞன் பலகையில் உட்கார்ந்து நாணயங்களை ஒவ்வொன்றாகச் செதுக்குகிறான். இது நாணயம் எட்டு. இரண்டு பேருமே வேலையைப் பாதியில் விடுகிறவர்கள் இல்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். அந்தப் பொறுமையை வீட்டுக்குள்ளும் கொண்டு வருகிறார்கள். நடுவே இருப்பது என்ன? ஒரு சிறுவன் பூ நிறைந்த கோப்பையைச் சின்னப் பெண்ணிடம் கொடுக்கிறான். இவர்கள் பள்ளிக்கூடத்திலேயே பழகியவர்கள் என்று எனக்கு முன்பே தெரியும் என்பதால், இதைச் சீட்டு கண்டுபிடித்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் பொருத்தமாகத்தான் வந்திருக்கிறது. எதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்? ஒரு பெரியவர் விளக்கோடு மலைமேல் தனியாக நிற்கிறார். பயப்படாதீர்கள், யாரும் சாமியாராகப் போகவில்லை. இரவு வேலை முடிந்து வருகிறவருக்கு ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கத் தோன்றும். அந்த ஒரு மணி நேரத்தைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுங்கள். விளக்கு அவர் கையில்தானே இருக்கிறது, திரும்பி வந்துவிடுவார். இருவருக்கும் எங்கள் எல்லோருடைய வாழ்த்துகள்."

இந்த உரையில் கோப்பை ஆறு வந்த இடத்தைக் கவனியுங்கள். மூன்றாவது தவறு அங்கேதான் நடக்கும். தோழி என்ற முறையில் உங்களுக்குத் தெரிந்த செய்தியைச் சீட்டு சொன்னதாகக் காட்டினால் கூட்டம் வியந்து கைதட்டும். அந்த வியப்பு பொய்யில் வந்தது. அதைவிட மோசமானது, மணப்பெண் உங்களிடம் மட்டும் சொன்ன ஒன்றை, அவளுடைய கடன், வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பம், மாமியாரைப் பற்றிய தயக்கம் போன்றவற்றை, பூடகமாகத் தொட்டுவிடுவது. மற்றவர்களுக்குப் புரியாது என்று நீங்கள் நினைப்பீர்கள். புரிந்துகொள்ளக் கூடாத ஒருவருக்கு மட்டும் நிச்சயம் புரிந்துவிடும். எழுதி முடித்த உரையில் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இந்தச் செய்தி மண்டபத்தில் பாதிப் பேருக்காவது ஏற்கெனவே தெரியுமா என்று பாருங்கள். தெரியாது என்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். துறவியின் பகுதியில் வந்த முறைப்பணி எல்லோருக்கும் தெரிந்தது, யாரையும் குற்றம் சொல்லாதது; அதனால்தான் அங்கே ஓர் உண்மையான அறிவுரையை வைக்க முடிந்தது.

நேரமும் இடமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரியவர்கள் நல்ல நேரம் பார்த்துச் செய்யும் சடங்குகளுக்கு நடுவில் சீட்டை நுழைக்காதீர்கள். சாப்பாடு தொடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரு வீட்டு அம்மாக்களிடமும் இரண்டு நாள் முன்பே கேட்டுவிடுவது நல்லது, யாராவது ஒருவர் தயங்கினாலும் நிகழ்ச்சியைக் கைவிட்டுவிடலாம். வந்திருக்கும் முஸ்லிம், கிறிஸ்துவ நண்பர்கள் சிலர் குறி பார்ப்பதையே தவிர்ப்பவர்களாக இருப்பார்கள் என்பதால், கூட்டத்திலிருந்து யாரையும் அழைத்துச் சீட்டு எடுக்கச் சொல்லாதீர்கள். மணமக்கள் இருவர் எடுத்தால் போதும்.

வாசிப்பு முடிந்தவுடன் யாராவது ஒருவர், "எப்போது பேரப்பிள்ளை வரும் என்று ஒரு சீட்டு எடும்மா" என்று குரல் கொடுப்பார். அப்போது சீட்டை எடுத்துவிடுவதுதான் கடைசித் தவறு. குழந்தை, உடல்நலம், சம்பளம், யார் யாரோடு குடியிருப்பது ஆகியவற்றுக்கு எந்தச் சீட்டும் எடுக்கக் கூடாது. இதற்கான பதிலையும் உரையின் அடியிலேயே எழுதி வையுங்கள்: "ஆன்ட்டி, இன்றைக்கு மூன்று சீட்டுதான் கணக்கு, சாப்பாடு ஆறுகிறது, வாருங்கள்." சொன்ன கையோடு சீட்டுகளைப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மேசையில் கிடந்தால் அடுத்தவர் கேட்பார். அதோடு துறவியின் படத்தை மட்டும் யாராவது எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், நிகழ்ச்சிக்கு வராத உறவினர்களின் கேள்விகளுக்கு மணப்பெண்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். படம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு மூன்று சீட்டுகளையும் ஒன்றாக வைத்து எடுத்த படத்தை, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சொன்ன கேள்வியையும் பதிலையும் கீழே எழுதி, நீங்களே அனுப்பிவிடுங்கள்.