பழைய போனில் பெரிய படத்தைத் துண்டாக வெட்டித் திருத்துங்கள்

8000 × 6000 பிக்சல் படம் ஒன்றைத் திறந்தாலே நினைவகத்தில் சுமார் 192 எம்பி போய்விடும். ஒரு பிக்சலுக்கு 4 பைட் கணக்கு. படத்திலுள்ள வேண்டாத பொருளை அழிக்கும்போது செயலி மேலும் சில நகல்களை எடுப்பதால்தான் பழைய போனில் பாதியில் மூடிக்கொள்கிறது. அழிக்க வேண்டிய பொருளைச் சுற்றி 1500 × 1500 அளவில் வெட்டினால் 9 எம்பிதான்.

முதலில் படத்துக்கு நகல் எடுத்து, நகலிலேயே வெட்டுங்கள். நான்கு பக்கமும் பொருளின் அகலத்துக்காவது இடம் விடுங்கள். அந்த இடத்திலிருந்துதான் செயலி புல்லையோ சுவரையோ எடுத்து நிரப்புகிறது. கஞ்சத்தனம் செய்தால் கறை போலத் தெரியும். பொருள் ஓரமாக இருந்தால் படத்தின் மூலையையும் சேர்த்து வெட்டுங்கள். திரும்ப ஒட்டும்போது அந்த மூலையே அடையாளம்.

அழித்தபின் பிஎன்ஜி வடிவில் சேமித்து, அளவைப் பாருங்கள். 1500 என்பது 1080 ஆகியிருந்தால் செயலி சத்தமில்லாமல் சுருக்கிவிட்டது. அந்தத் துண்டு உதவாது. அளவு சரியென்றால், அடுக்கு வசதியுள்ள செயலியில் மூலப்படத்தின்மேல் ஒட்டுங்கள். வெளிச்சம், நிறம் எதையும் துண்டில் மட்டும் மாற்றாதீர்கள், விளிம்பில் கோடு விழும். ஒட்டுவதற்கு முழுப்படமும் ஒருமுறை திறந்தாக வேண்டும். அப்போது மற்ற செயலிகளை மூடிவிடுங்கள்.