சரக்கு தீர்ந்து ஆர்டர் தாமதமானால் வாடிக்கையாளருக்கு எப்படி எழுதுவது?

இணையத்தில் விற்கும் சின்னக் கடைகள் எல்லாவற்றுக்கும் இந்த நாள் ஒருமுறையாவது வரும். பணம் வந்துவிட்டது, தேதியும் சொல்லியாகிவிட்டது, அலமாரியில் பார்த்தால் பாதிச் சரக்குதான் இருக்கிறது. அப்போது எழுத வேண்டிய கடிதத்தை ஒரு உதாரணத்தோடு படிப்படியாகப் பார்க்கலாம்.

உதாரணத்துக்குக் கும்பகோணம் பக்கம் ஒரு பித்தளைச் சாமான் கடை என்று வைத்துக்கொள்வோம். நாச்சியார்கோயில் பட்டறையிலிருந்து விளக்கு வாங்கி விற்கிறார்கள். சென்னையிலிருந்து ஒரு அம்மா, மகள் கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுப்பதற்காக 120 சின்னக் காமாட்சி விளக்குகள் ஆர்டர் செய்திருக்கிறார். ஒன்று 240 ரூபாய், மொத்தம் 28,800 ரூபாய், முழுப் பணமும் கட்டிவிட்டார். நவம்பர் 8 சனிக்கிழமை வந்து சேரும் என்று கடை சொல்லியிருக்கிறது. கல்யாணம் 23 ஞாயிறு. இன்று நவம்பர் 4 செவ்வாய். எண்ணிப் பார்த்தால் 70 விளக்குதான் இருக்கிறது.

படி 1: எழுதுவதற்கு முன் மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கடிதம் சொதப்புவது பெரும்பாலும் மொழியால் அல்ல, தகவல் கையில் இல்லாமல் எழுத உட்காருவதால்தான்.

முதலில், கையால் எண்ணுங்கள். கணினி 70 என்றால் அதை நம்பி எழுதிவிடாதீர்கள். ஒரு பெட்டியைத் திறந்தால் நான்கு விளக்கில் பாலிஷ் மங்கியிருக்கலாம். அந்த நான்கையும் சேர்த்து 70 என்று எழுதினால் இரண்டாவது மன்னிப்புக் கடிதமும் எழுத வேண்டியிருக்கும்.

இரண்டாவது, பட்டறைக்குப் போன் போட்டு "எப்ப வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வந்துடும்ணே, ரெண்டு மூணு நாள்" என்றுதான் பதில் வரும். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். வார்ப்பு முடிந்துவிட்டதா, கடைசல் பாக்கியா, பாலிஷ் பாக்கியா? நம் உதாரணத்தில் வார்ப்பு முடிந்தது, கடைசலும் பாலிஷும் பாக்கி, 17 திங்கள் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர். பேக்கிங்குக்கு ஒரு நாள், சென்னைக்குப் பார்சல் போக இரண்டு நாள், ஆக 20 வியாழன். வாடிக்கையாளரிடம் 21 வெள்ளி என்று சொல்லுங்கள். பட்டறை சொன்ன தேதியை அப்படியே கடிதத்தில் எழுதுவதுதான் புதியவர்கள் அதிகம் சிக்கும் இடம். அது சரக்கு உங்கள் கடைக்கு வரும் தேதி, அவர் வீட்டுக்குப் போகும் தேதி அல்ல.

மூன்றாவது, மாற்றாக எதைக் கொடுக்கப் போகிறீர்களோ அதை இப்போதே அலமாரியிலிருந்து எடுத்து, ஆர்டர் எண் எழுதி ஒட்டித் தனியாக வையுங்கள். இணையதள இருப்பிலும் கழித்துவிடுங்கள். அவர் "சரி, அதையே அனுப்புங்க" என்று சொல்லும் நேரத்தில் அதுவும் விற்றுப்போயிருந்தால் அதற்கப்புறம் எந்தக் கடிதமும் எடுபடாது.

படி 2: அவர் இடத்திலிருந்து வழிகளை யோசியுங்கள்

கல்யாண ஆர்டரில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, 23-க்குப் பிறகு வரும் விளக்கால் அவருக்குப் பயனே இல்லை. இன்னொன்று, பந்தியில் ஒருவருக்கு ஒரு மாதிரியும் பக்கத்திலிருப்பவருக்கு வேறு மாதிரியும் கொடுக்க முடியாது, சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். அதனால் "70 இது, 50 வேறு மாடல்" என்ற வழியை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடலாம். கடைக்கு அதுதான் சௌகரியம், அவருக்குத்தான் தலைவலி.

மூன்று வழிகள் போதும். ஐந்தாறு கொடுத்தால் அவர் குழம்பி, பதில் போடுவதைத் தள்ளிப் போடுவார். ஒவ்வொரு வழியிலும் என்ன வரும், எப்போது வரும், பணம் என்ன ஆகும் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பித் தருவது கட்டாயம் அதில் ஒன்றாக இருக்கட்டும். அது கடைக்காரரின் பெருந்தன்மை அல்ல. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020-ன்படி, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்த பொருளுக்கு விற்பவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது. இயற்கைச் சீற்றம் போல யார் கையிலும் இல்லாத காரணத்துக்கு விலக்கு உண்டு, ஆனால் இருப்புக் கணக்கு தவறியதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பணத்துக்குப் பதிலாகக் கூப்பன் தருகிறோம் என்று எழுதுவதும் வேண்டாம். கல்யாணச் செலவில் இருப்பவருக்கு உங்கள் கடைக் கூப்பன் எதற்கு?

படி 3: எழுதுங்கள்

வரிசை இதுதான்: எது வராது, மன்னிப்பு, காரணம், வழிகள், பதில் சொல்லும் முறை. கெட்ட செய்தி முதல் இரண்டு வரிக்குள் வந்துவிடட்டும். "எங்கள் கடையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி" என்று தொடங்கினால், விளம்பரம் என்று நினைத்துப் பாதியிலேயே மூடிவிடுவார்கள். மின்னஞ்சல் என்றால் தலைப்பிலேயே ஆர்டர் எண்ணும் விஷயமும் இருக்கட்டும்.

> தலைப்பு: ஆர்டர் 1187: 50 விளக்குகள் தாமதம், உங்கள் முடிவு தேவை
>
> வணக்கம் மேடம்,
>
> நீங்கள் ஆர்டர் செய்த 120 காமாட்சி விளக்குகளில் 70 மட்டுமே இப்போது எங்களிடம் உள்ளன. மீதி 50 விளக்குகளை நாங்கள் சொன்னபடி நவம்பர் 8 சனிக்கிழமைக்குள் தர முடியவில்லை. கல்யாண நேரத்தில் உங்களுக்கு இந்தக் கவலையைக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.
>
> தீபாவளி சமயத்தில் எங்கள் கடையில் நேரடியாக விற்ற 50 விளக்குகளை இணையதளக் கணக்கில் கழிக்காமல் விட்டுவிட்டோம். தவறு எங்களுடையது.
>
> கீழே உள்ள மூன்றில் உங்களுக்கு எது வசதி என்று சொல்லுங்கள்:
>
> 1. 70 விளக்குகள் நவம்பர் 8 சனிக்கிழமை வந்துவிடும். மீதி 50-ம் நவம்பர் 21 வெள்ளிக்கிழமைக்குள் வரும். இரண்டாவது பார்சலுக்குத் தனிக் கட்டணம் இல்லை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் வரும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.
>
> 2. அன்னம் வைத்த விளக்கு 120-ம் கைவசம் உள்ளது. எல்லாமே நவம்பர் 8 சனிக்கிழமை வந்துவிடும். உயரம் அரை அங்குலம் குறைவு, எடை ஏறக்குறைய அதே 250 கிராம். அதன் விலை 265 ரூபாய், ஆனால் நீங்கள் கூடுதலாக எதுவும் தர வேண்டாம். படம் இணைத்துள்ளோம்.
>
> 3. ஆர்டரை ரத்து செய்தால் 28,800 ரூபாயும் திரும்ப வரும். 70 விளக்குகளை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் 12,000 ரூபாய் திரும்ப வரும். நீங்கள் சொன்ன அன்றே, பணம் கட்டிய அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புவோம்.
>
> 1, 2, 3 என்று எண்ணை மட்டும் பதிலாக அனுப்பினால் போதும். நாளை (புதன்) மாலை 4 மணிக்குள் சொன்னால்தான் 8ஆம் தேதிக்கு அனுப்ப முடியும். பதில் வராவிட்டால் நாங்களே போன் செய்கிறோம். உங்களைக் கேட்காமல் எதையும் மாற்றி அனுப்ப மாட்டோம். வெள்ளிக்கிழமை வரை இரண்டு மாடலும் உங்களுக்காக எடுத்து வைக்கப்பட்டிருக்கும்.
>
> (பெயர், கடை, நேரடி கைபேசி எண்)

இதில் கவனிக்க வேண்டியவை

காரணம் ஒரே வாக்கியம்தான். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று எழுதினால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அதற்காகப் பட்டறை, ஆள் பற்றாக்குறை, பித்தளை விலை என்று அரைப் பக்கம் எழுதவும் வேண்டாம். முக்கியமாக, பழியைப் பட்டறை மேல் போடாதீர்கள். அவர் பணம் கட்டியது உங்களிடம்.

முதல் வழியில் இருக்கும் "இரண்டு நாள் முன்புதான் வரும்" என்ற வரியைப் பலர் எழுதத் தயங்குவார்கள். எழுதினால் ரத்து செய்துவிடுவாரோ என்ற பயம். ஆனால் தேதியைக் கணக்குப் போட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. கல்யாண வேலையில் 21 என்ற எண்ணைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு, 20ஆம் தேதி பதறிப்போய் போன் செய்வார். அந்தப் போனுக்கு இந்த ஒரு வரி மேல்.

இரண்டாவது வழியில் 120 விளக்குக்கு 25 ரூபாய் வீதம் 3,000 ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம். பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் அது விற்பனை விலைக் கணக்கு, கையை விட்டுப் போவது லாபத்தில் ஒரு பங்கு. முதல் வழியில் 50 விளக்கு, பன்னிரண்டரை கிலோ, அதற்கான பார்சல் செலவு கையிலிருந்து போகிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு எதை முதலில் எழுதலாம் என்று முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், கல்யாண ஆர்டரில் இரண்டாவது வழியைத்தான் போனில் எடுத்துச் சொல்வேன். ஒரே பார்சல், ஒரே மாதிரி விளக்கு, கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்.

படி 4: அனுப்பும் முறை

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, வாட்ஸ்அப்பில் அதையே போட்டு, விளக்கின் படத்தையும் அனுப்புங்கள். படம் கடையில் எடுத்ததாக, பழைய மாடலும் புது மாடலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி எடுத்ததாக இருக்கட்டும். பட்டியல் படத்தில் அரை அங்குல வித்தியாசம் தெரியாது.

தொகை பெரிதாக இருந்தாலோ விசேஷத் தேதி நெருங்கியிருந்தாலோ முதலில் போன், அப்புறம் கடிதம். போனில் சொல்லிவிட்டோமே என்று கடிதத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டில் முடிவெடுப்பது அவர் ஒருவர் மட்டுமல்ல, கணவருக்கோ மகளுக்கோ அனுப்பிக் காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டும்.

படி 5: பதில் வராவிட்டால்

பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புதன் மாலை ஒருமுறை, வியாழன் காலை ஒருமுறை போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் "இரண்டு மாடலையும் எடுத்து வைத்திருக்கிறோம், வெள்ளி வரை காத்திருப்போம்" என்று ஒரு வரி அனுப்புங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு அனுப்பும் கடைகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தபால் வழியும் இணையத்திலும் விற்பதற்கு அங்கே தனி விதி இருக்கிறது. முதல் தாமதம் 30 நாளுக்கு மேல் போனாலோ தேதியே சொல்ல முடியாவிட்டாலோ, வாடிக்கையாளர் வாய் திறந்து சம்மதம் சொல்லாத வரை ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிட வேண்டும்.

படி 6: பதில் வந்ததும்

உடனே உறுதி செய்து ஒரு சின்னக் குறிப்பு அனுப்புங்கள். "வழி 2. அன்னம் விளக்கு 120, நாளை கிளம்புகிறது, பார்சல் எண் மாலைக்குள் அனுப்புகிறோம்." பணம் திருப்புவதாக இருந்தால் அனுப்பிய தேதியையும் பரிவர்த்தனை எண்ணையும் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய பிறகும் அவர் கணக்கில் தெரியச் சில வேலை நாட்கள் ஆகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மறுநாளே "பணம் வரலையே" என்று போன் வரும்.

முதல் வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. 14 வெள்ளியன்று பட்டறைக்குப் போன் செய்து கடைசல் முடிந்ததா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் 17 வரை காத்திருக்காமல் அன்றைக்கே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். அன்னம் விளக்கு இன்னும் கையில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு அப்போது ஒன்பது நாள் இருக்கும், அவர் உள்ளூரிலேயே வேறு கடை பார்க்கவும் அது போதும்.